மேலதிகச் சில்லு இல்லாமல் வரும் கார்கள்: போத்தல் எதை அடைக்கும், எதை அடைக்காது?

ஏறத்தாழ ஐந்து வருடங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் அரசாங்கம் மீண்டும் அனுமதி அளித்தது. அன்று முதல் துறைமுகத்துக்கு வரும் ஜப்பானியச் சிறிய கார்களும் ஹைபிரிட் கார்களும் புத்தளம், மன்னார், வவுனியா வீதிகளிலும் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. வரி எவ்வளவு, ரூபாவின் பெறுமதி எங்கே போகும், மாதத் தவணை கட்ட முடியுமா என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், சில்லு இருக்க வேண்டிய குழியில் ஒரு நுரைத் தட்டும், அதில் ஒரு வெள்ளைப் போத்தலும், கைக்கு அடக்கமான ஒரு கொம்பிரசரும் இருக்கும். பல கார்களில் ஜக்கும் இருக்காது. சில்லையே மாற்றப்போவதில்லை, பிறகு ஜக் எதற்கு என்பது உற்பத்தியாளரின் கணக்கு.

இதில் மோசடி எதுவும் இல்லை. இன்று வரும் சுசுகி வேகன்ஆர், டொயோட்டா அக்குவா, ஹொண்டா வெசல் போன்ற கார்கள் ஜப்பான் சந்தையிலேயே இப்படித்தான் விற்கப்படுகின்றன. ஒரு சில்லு பத்துப் பதினைந்து கிலோ வரும். அதை எடுத்துவிட்டால் எரிபொருள் மிச்சமாகும், பொருள் வைக்க இடம் கிடைக்கும், விலையும் கொஞ்சம் இறங்கும். ஹைபிரிட் காரில் பெற்றரிக்கும் இடம் வேண்டும். ஜப்பானில் வீதியோர உதவிச் சேவைக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், எண்ணெய் நிலையங்களும் அருகருகே உள்ளன. அந்த நாட்டில் அந்தப் போத்தலுக்கு இருக்கும் வேலை, உதவி வரும் இடம்வரை காரை நகர்த்துவது மட்டும்தான்.

அந்தக் காரை நாம் எங்கே ஓட்டுகிறோம்? கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறையையும் அதைச் சுற்றியுள்ள கரையோரக் கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் வந்து குடியேறிய பிரதேசம் இது. முப்பத்தைந்து வருடங்களாகியும் பல குடும்பங்கள் இரண்டு ஊரில் வாழ்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, காணியும் வாக்கும் அங்கே. கலியாணம், மையித்து, காணிப் பத்திரம் என்று புத்தளத்துக்கும் முசலிக்கும் இடையே வருடம் முழுவதும் ஓட்டம். எலுவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டுக்குள் செல்லும் பழைய பாதை கிட்டடி என்றாலும், மழைக்காலத்தில் கலா ஓயா அதை மறித்துவிடும். அப்போது பாலாவி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் என்று சுற்றித்தான் சிலாவத்துறைக்குப் போக வேண்டும். கொழும்பிலிருந்து மன்னாருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பழகிய வீதிதான். செட்டிகுளம் கழிந்து மடுச் சந்தியைத் தாண்டி முருங்கன் வரும்வரை இரவில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காடு, யானை, இடையிடையே மட்டும் வீட்டு வெளிச்சம்.

அந்த இடத்தில் காற்றுப் போனால் போத்தல் கைகொடுக்குமா என்பதுதான் கேள்வி. சில வேளைகளில் கொடுக்கும். எப்போது கொடுக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, போத்தலுக்குள் இருப்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் இறப்பர்ப் பால் போன்ற ஒரு திரவம். கொம்பிரசர் அதை வால்வு வழியாக டயருக்குள் தள்ளும். தள்ளியதும் அது டயரின் அடியில் குளம்போலத் தேங்கி நிற்கும். அதனால்தான் காற்றடித்து முடிந்த கையோடு காரை ஓட்டச் சொல்கிறார்கள். சில்லு சுழலும்போது திரவம் உள்முகம் முழுவதும் பரவுகிறது. ஓட்டை வழியாக வெளியேறப் பார்க்கும் காற்று அந்தத் திரவத்தையும் கூடவே இழுத்துச் சென்று ஓட்டைக்குள் உறைய வைக்கிறது. ஓட்டை சிறியதாகவும், ஓடும்போது விரியாததாகவும் இருந்தால் மட்டுமே இது நடக்கும். டயர் தரையில் படும் முகத்தில் உள்ளே உருக்குக் கம்பிப் பட்டி இருப்பதால் அந்தப் பகுதி அதிகம் வளைவதில்லை. அங்கே ஆணியோ, உடைமர முள்ளோ, மீன்பெட்டியிலிருந்து விழுந்த சிறு கம்பித் துண்டோ குத்தினால் போத்தல் தன் வேலையைச் செய்யும். டொயோட்டாவின் கைநூல் சொல்லும் எல்லை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். ஒரு சாதாரண ஆணியின் தடிப்பு அவ்வளவுதான்.

பக்கச்சுவர் அப்படியல்ல. காரின் பாரத்தைத் தாங்கிச் சில்லு சுற்றும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவர் பிதுங்கி மீள்கிறது. அதில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வாய் திறந்து மூடும். உறைய முயலும் திரவத்தை அது வெளியே துப்பிக்கொண்டே இருக்கும். நம் வீதிகளில் பக்கச்சுவர் வெட்டுப்படுவது அபூர்வமும் அல்ல. எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட இறங்கும்போது, மண் கரைந்துபோய்க் கத்திபோல நிற்கும் தாரின் ஓரம் அதைக் கிழித்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் இப்படிப்பட்ட ஓரங்களைக் கூட்டித்தான் வைத்திருக்கிறது. குழியில் வேகமாக விழுந்தால் ரிங்கின் விளிம்பு வளைந்து, டயருக்கும் ரிங்குக்கும் இடையே காற்றுக் கசியும். அதற்கும் போத்தலிடம் மருந்து இல்லை. இரண்டு டயர் ஒன்றாகப் போனால் ஒரு போத்தல் ஒன்றுக்கு மட்டுமே காணும்.

நம் வீதிகளில் போத்தலைப் பயனற்றதாக்கும் இன்னொரு காரணம் இவற்றைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். அது, காற்றுப்போன டயரில் ஓடுவது. காற்றிறங்கிய டயரில் சில நூறு மீற்றர் போனாலே, ரிங் பக்கச்சுவரை மடித்து மடித்து நசுக்கும். ஓட்டை என்னவோ சிறு ஆணியின் ஓட்டைதான். ஆனால் உள்ளே பக்கச்சுவர் இறப்பர்த் தூளாகச் சிதைந்திருக்கும். போத்தலை ஊற்றிக் காற்றடித்தால் நின்றது போலத் தெரியலாம். அந்தப் பக்கச்சுவர் ஓட்டத்தில் வெடிக்கக்கூடியது. டயரின் பக்கத்தில் வட்டமாக ஒரு மடிப்புக்கோடு விழுந்திருந்தால், அந்த இடம் தேய்ந்து மங்கியிருந்தால், தொடும்போது கை சுடும் அளவுக்குச் சூடாக இருந்தால், அது ஓடி நசுங்கிய டயர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இந்தியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டியது. இந்திய மத்திய அரசு 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, அவ்வருடம் ஒக்டோபர் முதல் சிறிய பயணிகள் கார்கள் மேலதிகச் சில்லு இல்லாமல் விற்கப்பட இடம் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. டயர் ரியூப் இல்லாத வகையாக இருக்க வேண்டும், திருத்தும் கருவி இருக்க வேண்டும், கூடவே டயரில் காற்றுக் குறைந்தால் சாரதிக்கு அறிவிக்கும் கண்காணிப்பு முறையும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சில்லை எடுக்கிறாய் என்றால் எச்சரிக்கையைக் கொடு என்பதுதான் அதன் பொருள். ஜப்பானில் அந்த எச்சரிக்கை முறை கட்டாயமில்லை. ஆகவே இங்கு வரும் பல சிறிய ஜப்பானியக் கார்களில் சில்லும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. காற்று மெல்ல இறங்குவது சாரதிக்குத் தெரிவதற்குள் டயர் நசுங்கிவிடுகிறது. காலத்தோடு தெரிந்தால் மட்டும் பயன்படும் ஒரு கருவி, காலத்தோடு தெரிவிக்க வழியில்லாத காரில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதோடு நம்முடைய பழக்கமும் சேர்கிறது. இருட்டில், ஆளில்லாத இடத்தில் வாகனத்தை நிறுத்தாதே என்பது யுத்தகாலத்தில் வளர்ந்த எல்லோருக்கும் பிள்ளைப் பிராயத்திலேயே ஊட்டப்பட்ட பாடம். காரின் பின்பக்கம் ஆடத் தொடங்கியதும், அடுத்த வெளிச்சம் வரும்வரை, ஒரு கடையோ சோதனைச்சாவடியோ வரும்வரை ஓட்டிப் போய்விடுவோம் என்றுதான் மனம் சொல்லும். யானை உலாவும் வீதியில் அந்தப் பயத்தைப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஓட்டினால் போத்தலால் இனிப் பயனில்லை என்பதையும் தெரிந்துகொண்டே ஓட்ட வேண்டும். மேலதிகச் சில்லு இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு டயரைப் பலிகொடுத்து வெளிச்சத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே சில்லை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பயணத்தை வைத்துப் பார்ப்போம். பின்னேரம் பள்ளிவாசல்துறையிலிருந்து ஐந்து பேரோடு புறப்பட்ட வேகன்ஆர், இரவு எட்டு மணிக்குச் செட்டிகுளம் கழிந்து போகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. சாரதி வேகத்தைக் குறைத்து, கண்ணுக்கு எட்டிய தூரம் நேராக உள்ள கெட்டியான ஓரத்தில் நிறுத்தி, நான்கு பக்கச் சிக்னலையும் போடுகிறார். தலைவிளக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு (கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இந்த வேலை செய்ய மூன்றாவது கை வேண்டும்) முன் இடது டயரைப் பார்க்கிறார். முகத்தில் ஓர் ஆணித் தலை மின்னுகிறது. டயரில் இன்னும் பாதிக் காற்று இருக்கிறது.

முதலாவது விடயம், ஆணியைப் பிடுங்கக் கூடாது. அதுவே பாதி அடைப்பு. இரண்டாவது, உடனே போத்தலைத் தொடக் கூடாது. கொம்பிரசரின் குழாயை நேராக வால்வில் பொருத்தி, காரின் எஞ்சினை ஓடவிட்டு, வெறும் காற்றை மட்டும் அடித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு அடிப்பது என்பது சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அடித்து முடித்து ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால், அல்லது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மட்டும் இறங்கியிருந்தால், மெதுவாக முருங்கன் போய், வழியில் ஒருமுறை நிறுத்தி அளந்து, தேவையென்றால் மீண்டும் அடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். போத்தல் ஒருமுறை மட்டுமே பயன்படும். காற்று எத்தனை முறையும் அடிக்கலாம். தெரியாமல் ஒவ்வோர் ஆணிக்கும் போத்தலை ஊற்றுகிறவர்கள் அடுத்த நாள் டயர்க் கடையில் அதற்கு வேறாகவும் கொடுக்க வேண்டிவரும். உள்ளே ஒட்டிப்போன பசையைக் கழுவித் துடைத்துத்தான் ஒட்டுப்போட முடியும். சில கடைக்காரர்கள் அந்த வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊற்றியிருந்தால் கழற்றுவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

காற்று நிற்கவில்லை என்றால் போத்தல்தான் வழி. ஊற்றத் தொடங்கியதும் மானியின் முள் திடீரென்று மேலே ஏறும். அது டயரின் அழுத்தம் அல்ல, தடித்த திரவத்தை வால்வுக்குள் தள்ளும் அழுத்தம். ஒரு நிமிடத்தில் இறங்கிப் பிறகு மெதுவாக ஏறும். கைநூலில் சொன்ன நேரத்துக்குள் முள் தேவையான அளவுக்கு வராவிட்டால் ஓட்டை போத்தலின் சக்திக்கு அப்பாற்பட்டது. வந்துவிட்டால் உடனே புறப்பட்டு, மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டாமல் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஓடி, நிறுத்தி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டொயோட்டாவின் கைநூல்படி அப்போது 130 கிலோபாஸ்கலுக்குக் கீழே, அதாவது 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால், அடைப்புப் பிடிக்கவில்லை, அதற்குமேல் ஓட்டக் கூடாது. அதற்கு மேலே இருந்து, ஆனால் குறைந்திருந்தால், மீண்டும் காற்றடித்து மீண்டும் 5 கிலோமீற்றர் ஓடிப் பார்க்கலாம்.

இப்போது அதே இரவில் அதே காரை இன்னொரு விதமாக நினைத்துப் பாருங்கள். லொறிக்கு வழிவிட இறங்கியபோது தார் ஓரம் பக்கச்சுவரை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. "புஸ்" என்ற சத்தத்தோடு ஒரே நொடியில் காற்று முழுவதும் போய்விட்டது. போத்தலை ஊற்றினால் வெள்ளைத் திரவம் வெட்டு வழியாக வீதியில் வடியும், அவ்வளவுதான். ஐந்து பேரும் காருக்குள் இருந்துகொண்டு, தொலைபேசிச் சிக்னல் வரும் இடம் தேடி, மன்னாரிலோ வவுனியாவிலோ தெரிந்தவர் ஒருவரை எழுப்பி, அவர் வேறொரு வாகனத்தில் அதே அளவுச் சில்லோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையும் இன்சுலின் போடும் முதியவரும் அந்தக் காரில் இருந்தால் அது மூன்று மணிநேரத் தாமதமாக மட்டும் இருக்காது.

ஆகவே இந்த வீதிகளில் ஓடும் காருக்கு ஒரு மேலதிகச் சில்லு வாங்கி வைப்பதே சரி என்பது என் கருத்து. ஊருக்குள் மட்டும் ஓடுகிறவருக்குக் கொம்பிரசரும் போத்தலும் போதும். ஆனால் வாங்குவதற்கு முன் காரில் அந்தக் குழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ஹைபிரிட், மின்சாரக் கார்களில் அந்த இடமே இல்லை. பழைய ஜப்பானிய உதிரிப்பாகக் கடைகளில் ஒடுங்கிய தற்காலிகச் சில்லுகள் கிடைக்கின்றன. துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்த வேண்டும். வேகன்ஆருக்கும் அக்குவாவுக்கும் நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம். வெசலுக்கு ஐந்து துளை, 114.3. துளை பொருந்திவிட்டது என்று காசைக் கொடுத்துவிடாமல், கடை வாசலிலேயே காரை ஜக்கில் ஏற்றி, முன் சில்லின் இடத்தில் பூட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நடு ஓட்டை அச்சில் இறுக்கமாக அமர்கிறதா, ரிங் பிரேக்கில் உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நட்டுகளும் மாறக்கூடாது. சுசுகியின் நட்டுப் புரி டொயோட்டா, ஹொண்டாவின் புரியைவிட நெருக்கமானது. மாற்றிப் போட்டு இறுக்கினால் போல்டின் புரி அழிந்துவிடும்.

டயரின் வயதையும் அங்கேயே பார்க்கலாம். பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்யப்பட்டது. தற்காலிகச் சில்லு ஓடாமலே பழசாகிறது, பூ தேயாமல் புதிதுபோல மின்னும். அதை நம்பிப் பத்து வயதுக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். இந்த ஒடுங்கிய சில்லுக்குப் பொதுவாக 420 கிலோபாஸ்கல், 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். சாதாரண டயருக்கு அடிப்பதுபோல அடித்தால் பாரம் தாங்காது. மன்னார் வரை போய்வருகிறவருக்கு, குழியில் இடம் கிடைத்தால், காரில் உள்ள அளவிலேயே ஓர் இரும்பு ரிங்கும் நல்ல பழைய டயரும் தேடிக்கொள்வது மேல். தற்காலிகச் சில்லில் 80ஐத் தாண்டக் கூடாது, நெடுந்தூரமும் போகக் கூடாது. எதுவானாலும் குழியில் திருகிப் பூட்டியோ பட்டியால் கட்டியோ வைக்க வேண்டும். சும்மா போட்டால் மோதலில் அது பின் ஆசனத்தில் இருப்பவர் மேல்தான் வரும்.

சில்லோடு ஜக், நட்டுக் கழற்றும் சாவி, ஒரு அடிச் சதுரத்தில் தடித்த பலகைத் துண்டு ஆகியவையும் போக வேண்டும். கற்பிட்டிப் பக்க மணலில் பலகை இல்லாமல் ஜக்கை வைத்தால் கார் உயராது, ஜக்தான் இறங்கும். அலங்கார ரிங் உள்ள கார்களில் ஒரு நட்டுக்கு மட்டும் தனித் திறப்பு இருக்கலாம். அது காருக்குள் இருக்கிறதா என்று பகலில் தேடி வையுங்கள். டயர்க் கடைகளில் பயன்படுத்தும் ஒட்டுக் கயிறும் ஊசியும் விலை குறைந்தவை, ஆணி ஓட்டைக்குப் போத்தலைவிட நம்பகமானவை. ஆனால் இருட்டில் முதன்முறையாகச் செய்து பழகும் வேலை அல்ல அது. பக்கச்சுவருக்கு அதுவும் உதவாது.

கடைசியாகப் போத்தலின் திகதி. இந்தத் திரவத்துக்குப் பொதுவாக நான்கு வருடம் அல்லது அதையொட்டிய ஆயுள்தான் உண்டு. இங்கு வரும் பாவித்த கார் ஜப்பானிலேயே ஒன்றிரண்டு வருடம் ஓடியிருக்கும். போத்தலின் ஆயுள் அங்கேயே எண்ணத் தொடங்கிவிட்டது. அதன்பிறகு புத்தளத்து வெயிலில் மூடிய டிக்கிக்குள் அது இருக்கிறது. போத்தலின் பக்கத்தில் ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே ஆண்டும் மாதமும் இலக்கத்தில் அச்சிட்டிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் வாசிக்கலாம். விற்பனை நிலையத்தில் கடைசிக் கையெழுத்தை வைப்பதற்கு முன், அடித்தட்டைத் தூக்கி அந்த இலக்கத்தைப் பாருங்கள். திகதி கழிந்திருந்தால் புதுப் போத்தலையும், ஜக் இல்லையென்றால் ஒரு ஜக்கையும் விலைக்குள் சேர்த்துக் கேளுங்கள். ஒரு கோடி ரூபாவைத் தொடும் பேரத்தில் இது விற்பவருக்குப் பெரிய விடயமாக இருக்காது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து கொழும்பில் கார் வாடகைக்கு எடுத்து வடக்கே புறப்படுகிறவர்களும் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் இதே அடித்தட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம்.